ஆய்வுப் பத்தியைப் பொதுவாசகருக்கு எழுதுவது: கூற்று குலையாமல் எளிமையாக்கும் முறை

ஆய்வுக் கட்டுரையின் ஒரு பத்தியைப் பொதுவாசகருக்கு ஏற்ப மாற்றித் தரச் சொன்னால், பெரும்பாலோர் உடனே கடினச் சொற்களைத் தேடிப் பிடித்து மாற்றத் தொடங்கிவிடுவார்கள். உண்மையில் கடைசியில் செய்ய வேண்டிய வேலை அது. சொற்களெல்லாம் எளிமையாகிவிட்ட பிறகும் பத்தி வேறு ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும். யாரைப் பற்றிய முடிவு, எதோடு ஒப்பிட்டு, எவ்வளவு, எந்த அளவுக்கு உறுதி என்ற நான்கும் வழியில் எங்கோ நழுவியிருக்கும்.

நழுவுவது இரண்டு பக்கமும் நடக்கும். மிகைப்படுத்தல் எல்லோர் கண்ணிலும் படும். ஆசிரியர் சிவப்பு மையில் வெட்டிவிடுவார். கூற்றை நீர்த்துப்போகச் செய்வது யார் கண்ணிலும் படாது, ஏனென்றால் அது பார்ப்பதற்கு அடக்கமாக இருக்கிறது. பயந்த எழுத்தாளர் ஒவ்வொரு வினைச்சொல்லின் முடிவிலும் ஒரு ‘கூடும்’ சேர்ப்பார். ‘என்று சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர்’ என்று முடிப்பார். ஆயிரக்கணக்கானோரிடம் பல ஆண்டுகள் சோதித்து நிறுவிய ஒன்று, யாரோ சிலரின் அபிப்பிராயமாகச் சுருங்கிவிடும். இதுவும் திரிப்புதான்.

முறையை ஒரே உதாரணத்தில் கடைசிவரை செய்து பார்ப்போம். 2015 நவம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஸ்பிரின்ட் ஆய்வை எடுத்துக்கொள்கிறேன். இரத்த அழுத்தத்தை எவ்வளவு குறைத்து வைக்க வேண்டும் என்பதைச் சோதித்த அமெரிக்க ஆய்வு அது. அதன் முக்கிய முடிவுகளை நம் கல்விப்புல நடையில் ஒரே பத்தியாக அடுக்கினால் இப்படி இருக்கும்:

“நீரிழிவு நோயற்ற, இதயக் குருதிநாள நோய் இடர் மிகுந்த, 50 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமான 9,361 பங்கேற்பாளர்கள், சுருக்க இரத்த அழுத்த இலக்கு 120 மி.மீ. பாதரசத்துக்குக் குறைவாக நிர்ணயிக்கப்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் 140 மி.மீ. பாதரசத்துக்குக் குறைவாக நிர்ணயிக்கப்பட்ட வழக்கமான சிகிச்சைப் பிரிவுக்கும் சமவாய்ப்பு முறையில் ஒதுக்கப்பட்டனர். இடைநிலைப் பின்தொடர்வுக் காலமான 3.26 ஆண்டுகளில், மாரடைப்பு, ஏனைய தீவிர இதயத் தமனி நோய்க்குறிகள், பக்கவாதம், இதயச் செயலிழப்பு, இதயக் குருதிநாளக் காரணங்களால் நிகழ்ந்த இறப்பு ஆகியவற்றை உள்ளடக்கிய கூட்டு முதன்மை விளைவு, தீவிர சிகிச்சைப் பிரிவில் குறிப்பிடத்தக்க அளவில் குறைவாகக் காணப்பட்டது (ஆண்டுக்கு 1.65%, எதிர்ப்பிரிவில் 2.19%, இடர் விகிதம் 0.75, 95% நம்பக இடைவெளி 0.64–0.89, பி மதிப்பு 0.001க்கும் குறைவு). அனைத்துக் காரண இறப்பும் அப்பிரிவில் குறைவாக இருந்தது (இடர் விகிதம் 0.73, 95% நம்பக இடைவெளி 0.60–0.90). தாழ் இரத்த அழுத்தம், மயக்கம், மின்பகுளிச் சமநிலைக் குலைவு, கடும் சிறுநீரகப் பாதிப்பு ஆகிய தீவிர பாதக நிகழ்வுகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் அதிகமாகவும், காயம் விளைவிக்கும் வீழ்வுகள் வேறுபாடின்றியும் இருந்தன.”

படி 1: பத்தியை ஒற்றைக் கூற்றுகளாக உடையுங்கள்

எழுதத் தொடங்காதீர்கள். ஒரு தாளில், பத்தி சொல்லும் ஒவ்வொன்றையும் ஒரு வினைமுற்றோடு முடியும் தனி வாக்கியமாக எழுதுங்கள். நடையைப் பற்றிக் கவலை வேண்டாம், வாசகர் பார்க்கப்போவதில்லை.

தமிழ் ஆய்வு நடையில் இந்த வேலை கூடுதலாகத் தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. நாம் தகவலையெல்லாம் பெயருக்கு முன்னால் அடைகளாக அடுக்குகிறோம். ‘நீரிழிவு நோயற்ற, இடர் மிகுந்த, 50 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமான’ என்று போகும்போது, ‘நீரிழிவு உள்ளவர்கள் இந்த ஆய்வில் இல்லை’ என்ற முழுக் கூற்று ஒன்று அடைமொழிக்குள் ஒளிந்துகொள்கிறது. எளிமையாக்குபவர் வாக்கியத்தைச் சுருக்கும்போது முதலில் கழற்றி எறிவதும் அடைமொழியைத்தான். ஆகவே ஒவ்வொரு அடையையும் முற்று வாக்கியமாக மாற்றிப் பாருங்கள். மேலே உள்ள பத்தி இப்படி உடையும்:

- சேர்ந்தவர்கள் 9,361 பேர். அனைவருக்கும் 50 வயது நிறைந்திருந்தது.
- அனைவருக்கும் இதயம், இரத்தக் குழாய் நோய் வரும் ஆபத்து கூடுதலாக இருந்தது.
- யாருக்கும் நீரிழிவு இல்லை.
- யார் எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கல்தான் தீர்மானித்தது.
- ஒரு பிரிவின் இலக்கு 120க்குக் கீழே. மற்றதன் இலக்கு 140க்குக் கீழே.
- ஐந்து கேடுகளைச் சேர்த்து எண்ணினால், 120 பிரிவில் குறைவு.
- எந்தக் காரணத்தாலானாலும், இறப்பும் 120 பிரிவில் குறைவு.
- நான்கு வகைத் தீவிர பக்கவிளைவுகள் 120 பிரிவில் அதிகம்.
- விழுந்து அடிபடுவதில் வேறுபாடு இல்லை.

இந்தப் பட்டியலை எறிந்துவிடாதீர்கள். கடைசிப் படியில் தேவைப்படும்.

படி 2: பத்தியில் இல்லாததை முழுக் கட்டுரையில் தேடுங்கள்

ஆய்வாளர் சக ஆய்வாளருக்கு எழுதுகிறார். சிலவற்றைச் சொல்லாமலே விடலாம் என்பது அவர்களுக்குள் உள்ள உடன்பாடு. பொதுவாசகருக்கு அந்த உடன்பாடு தெரியாது என்பதால், வெறும் பத்தியை மட்டும் எளிமையாக்கினால் சரியான சொற்களிலேயே தவறான எண்ணம் போய்ச் சேரும். செய்முறைப் பகுதியையும் அட்டவணைகளையும் ஒருமுறையாவது படித்தாக வேண்டும்.

ஸ்பிரின்ட்டில் அப்படித் தேடும்போது நான்கு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, முன்பே பக்கவாதம் வந்தவர்களும் சேர்க்கப்படவில்லை. இரண்டாவது, ‘ஆபத்து கூடுதல்’ என்றால் என்ன என்பதற்கு வரையறை இருக்கிறது: ஏற்கெனவே இதய, இரத்தக் குழாய் நோய் இருப்பது, நாள்பட்ட சிறுநீரக நோய் இருப்பது, அடுத்த பத்தாண்டுக்கான ஆபத்துக் கணக்கு 15 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருப்பது, வயது 75ஐத் தொட்டிருப்பது. இவற்றில் ஒன்று போதும். மூன்றாவது, சராசரியாக ஐந்து ஆண்டுகள் நடக்க வேண்டிய ஆய்வு, பலன் தெளிவாகத் தெரிந்ததால் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. பாதியில் நிறுத்தப்படும் சோதனைகளில் பலனின் அளவு சற்றுப் பெரிதாகத் தெரிய இடமுண்டு.

நான்காவதுதான் வாசகரை நேரடியாகத் தொடுவது. இரத்த அழுத்தம் அளந்த விதம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்த பிறகு, தானியங்கிக் கருவியில் மூன்று முறை அளந்து சராசரி எடுத்திருக்கிறார்கள். மாடிப்படி ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்த உடனே கையில் பட்டையைச் சுற்றும் நம் கிளினிக் அளவு பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாகவே காட்டும். இதைச் சொல்லாமல் ‘120’ என்ற எண்ணை மட்டும் கொடுத்தால், வாசகர் தன் மருந்துச் சீட்டில் உள்ள எண்ணோடு அதை ஒப்பிட்டுக் கவலைப்படத் தொடங்குவார்.

படி 3: வினைச்சொல்லின் வலுவை ஆய்வு முறையிலிருந்து எடுங்கள்

‘குறைவாகக் காணப்பட்டது’ என்று பத்தி சொல்கிறது. ஆய்வு நடையின் வழக்கமான அடக்கம் அது. நீங்கள் என்ன எழுத வேண்டும்? ‘குறைவாக இருந்ததாகத் தெரிகிறது’ என்றா, ‘குறைத்தது’ என்றா?

முடிவு செய்ய வேண்டியது ஆய்வு நடந்த முறை. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் தீர்மானித்திருந்தால், இரு பிரிவினரும் வயது, நோய், பழக்கவழக்கம் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருப்பார்கள். சிகிச்சை மட்டுமே வேறு. ஆகவே விளைவில் வித்தியாசம் வந்தால் சிகிச்சையே காரணம் என்று சொல்ல உரிமை உண்டு. ஸ்பிரின்ட் அப்படிப்பட்டது. ‘120 இலக்கு வைத்த சிகிச்சை ஆபத்தைக் குறைத்தது’ என்றே எழுதலாம், எழுத வேண்டும். இங்கே ‘குறைக்கக்கூடும்’ என்று எழுதுவது பணிவு போலத் தோன்றினாலும், ஆய்வு நிறுவியதை நிறுவவில்லை என்று சொல்வதாகும்.

மாறாக, மக்களைச் சும்மா கவனித்துக் கணக்கெடுத்த ஆய்வாக இருந்தால் ‘குறைத்தது’ என்ற பிறவினை கூடாது. ‘நடைப்பயிற்சி செய்தவர்களிடம் இதய நோய் குறைவாக இருந்தது’ என்பதோடு நிறுத்த வேண்டும். ‘நடைப்பயிற்சி இதய நோயைக் குறைத்தது’ என்று எழுதினால் ஆய்வாளர் சொல்லாததை நீங்கள் சொல்கிறீர்கள். உடல்நலம் நன்றாக இருந்ததால்தான் அவர்களால் நடக்க முடிந்ததோ என்னவோ.

‘-லாம்’ விகுதியிடம் தனி எச்சரிக்கை தேவை. ‘இரத்த அழுத்தத்தை 120க்குக் கீழே குறைக்கலாம்’ என்ற வாக்கியத்தை ஒருவர் ‘குறைக்க முடியும்’ என்று படிப்பார். இன்னொருவர் ‘குறைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை’ என்று அனுமதியாகப் படிப்பார். மருத்துவச் செய்தியில் இது விளையாட்டு அல்ல. ஐயத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில், எதில் ஐயம் என்பதைத் தனி வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். விகுதியின் தலையில் கட்டாதீர்கள்.

படி 4: எண்களை ஆட்களாக மாற்றுங்கள்

இடர் விகிதம் 0.75 என்றால் ஆபத்து 25 சதவீதம் குறைந்தது என்று பொருள். இதை மட்டும் எழுதினால் வாசகர் மனத்தில் என்ன பதியும்? நூறு பேரில் இருபத்தைந்து பேர் பிழைத்தார்கள் என்று பதியும். அது உண்மைக்கு வெகு தூரம். இதற்குப் பயந்து சதவீதத்தையே விட்டுவிட்டு ‘ஓரளவு குறைந்தது’ என்று எழுதுவது அடுத்த பிழை.

அடிப்படை எண்ணிக்கையை அட்டவணையில் எடுங்கள். 140 பிரிவில் 4,683 பேர். அவர்களில் 319 பேருக்கு ஐந்து கேடுகளில் ஏதோ ஒன்று நேர்ந்தது. 120 பிரிவில் 4,678 பேர். 243 பேருக்கு நேர்ந்தது. இரண்டையும் ஆயிரம் பேர் கணக்குக்குக் கொண்டுவந்தால் 68, 52. ஆக, சுமார் மூன்றேகால் ஆண்டில் ஆயிரத்துக்கு 16 பேர் தப்பினார்கள். இறப்பிலும் அப்படியே: 210 பேர், 155 பேர்; ஆயிரத்துக்கு 45, 33.

எப்போதும் ஒரே அடித்தொகையை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாக்கியத்தில் ‘61 பேரில் ஒருவர்’, அடுத்ததில் ‘ஆயிரத்துக்கு 12’, அதற்கடுத்ததில் ‘1.6 சதவீதம்’ என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் எது பெரிது என்று வாசகரால் ஒப்பிட முடியாது. நன்மையைப் பெருக்கிக் காட்டத் தெரிந்தே இப்படிச் செய்பவர்களும் உண்டு: நன்மைக்கு ‘25 சதவீதம் குறைவு’ என்பார்கள், தீமைக்கு ‘ஆயிரத்தில் சிலருக்கு’ என்பார்கள். பக்கவிளைவுக்கும் அதே ஆயிரத்தையே பயன்படுத்துங்கள். கடும் சிறுநீரகப் பாதிப்பு 140 பிரிவில் ஆயிரத்துக்கு 25 பேருக்கும், 120 பிரிவில் 41 பேருக்கும் நேர்ந்தது. நன்மையில் 16, இந்த ஒரு தீமையிலும் 16. இப்போதுதான் வாசகருக்கு விஷயம் புரியத் தொடங்குகிறது. ஆனால் இரண்டு பதினாறும் சமம் என்று அவர் எடுத்துக்கொள்ளக்கூடாது. ஒன்றில் இறப்பு அடங்கும், மற்றதில் நோயாளி பெரும்பாலும் மீள்வார். அதை உங்கள் குறிப்பாகத் தனியே சொல்லலாம்.

நம்பக இடைவெளியைப் பலர் அப்படியே வெட்டிவிடுகிறார்கள். உறுதியின் அளவைச் சொல்லும் எண் அதுதான். 0.64 முதல் 0.89 வரை என்பதை ‘உண்மையான குறைவு 11 முதல் 36 சதவீதத்துக்குள் இருக்கும் என்பது மதிப்பீடு’ என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிடலாம். புள்ளியியலாளர் ஒருவர் இந்த வாக்கியத்தில் சிறு குறை காண்பார். பொதுவாசகருக்கு இந்த அளவு போதும் என்பது என் கருத்து.

பி மதிப்பைத் தவறாக மாற்றுவதற்குப் பதில் விட்டுவிடுவதே நல்லது. 0.001 என்றால் ‘முடிவு 99.9 சதவீதம் உண்மை’ என்று எழுதுவது பச்சைப் பிழை. இரு சிகிச்சைகளுக்கும் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்பதே அதன் பொருள். பத்தியில் வரும் ‘குறிப்பிடத்தக்க அளவில்’ என்பதும் இதைத்தான் குறிக்கிறது. ‘பெரிய அளவில்’ என்று மாற்றிவிடாதீர்கள்.

படி 5: கூட்டு விளைவை உடைக்கும்போது கவனம்

இந்தப் பத்தியிலேயே ஆழமான குழி இதுதான். ஐந்து கேடுகளைச் சேர்த்து எண்ணியதில் 25 சதவீதம் குறைவு. எளிமையாக்குபவர் ‘மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 25 சதவீதம் குறைந்தன’ என்று எழுதிவிடுவார். படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொய்.

தனித்தனியாகப் பார்த்தால், இதயச் செயலிழப்பும் இதய நோயால் நேர்ந்த இறப்பும் தெளிவாகக் குறைந்தன. மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் எண்ணிக்கை 120 பிரிவில் சற்றுக் குறைவாக இருந்தாலும், வித்தியாசம் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. மாரடைப்புக்கான இடைவெளி 0.64 முதல் 1.09 வரை போகிறது. இடர் விகிதம் 1 என்றால் இரு பிரிவும் சமம். இடைவெளி அந்த 1ஐத் தாண்டுகிறது என்றால் குறைந்திருக்கவும் இடமுண்டு, மாறாமலோ சற்றுக் கூடியோ இருக்கவும் இடமுண்டு.

இங்கே எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறு. ‘பக்கவாதத்தைக் குறைக்கவில்லை’ என்று எழுதினால், இல்லை என்று நிறுவப்பட்டதாகிவிடும். ‘தனியாகப் பார்த்தபோது தெளிவான வித்தியாசம் தெரியவில்லை’ என்பதே ஆய்வு சொல்வது.

கூட்டு விளைவு எங்கே வந்தாலும் இப்படி எழுதுங்கள்: ‘இந்த ஐந்தில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள்’. நேர்ந்தவர்களை எண்ணுகிறோம் என்பது தெளிவாகும். ஒவ்வொன்றும் அதே அளவு குறைந்தது என்ற மயக்கம் வராது.

படி 6: இப்போது எழுதுங்கள்

பட்டியலை எதிரில் வைத்துக்கொண்டு, மூலப் பத்தியை மூடிவைத்துவிட்டு எழுதுங்கள். மூலம் கண்ணெதிரே இருந்தால் அதன் வாக்கிய அமைப்பு கையைப் பிடித்து இழுக்கும். யார் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். முடிவைச் சொன்ன பிறகு ‘ஆனால் இவர்களுக்குப் பொருந்தாது’ என்று வால் சேர்த்தால் யாரும் அதுவரை படிப்பதில்லை. கடினச் சொற்களை மாற்றுவது இந்த இடத்தில்தான். ‘சுருக்க இரத்த அழுத்தம்’ என்பதற்கு ‘மேல் அளவு’ போதும், எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். ‘மின்பகுளி’க்கு ‘உப்புச் சத்துகள்’. ‘சமவாய்ப்பு’க்குக் ‘குலுக்கல்’. இதயச் செயலிழப்பை ‘இதயம் நின்றுபோதல்’ என்று எழுதிவிடாதீர்கள். இதயம் போதிய அளவு இரத்தத்தை இறைக்க முடியாமல் தளர்வது அது.

எல்லாம் சேர்ந்து இப்படி வருகிறது:

“இரத்த அழுத்தத்தின் மேல் அளவை 140க்குக் கீழே வைத்தால் போதுமா, 120க்குக் கீழே கொண்டுவர வேண்டுமா? இதை அமெரிக்காவில் 9,361 பேரிடம் நேரடியாகச் சோதித்துப் பார்த்தார்கள். அனைவருக்கும் 50 வயது நிறைந்திருந்தது. இதய நோயோ சிறுநீரக நோயோ இருப்பது, வயது 75ஐத் தொட்டிருப்பது போன்ற ஏதோ ஒரு காரணத்தால் அனைவருக்கும் ஆபத்து கூடுதலாக இருந்தது. நீரிழிவு உள்ளவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் இதில் இல்லை. அவர்களைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு 120க்குக் கீழும் பாதிப் பேருக்கு 140க்குக் கீழும் இலக்கு வைத்துச் சிகிச்சை தரப்பட்டது. 120 இலக்கு ஆபத்தைக் குறைத்தது. மாரடைப்பு, அதையொத்த திடீர் இதயப் பாதிப்புகள், பக்கவாதம், இதயத் தளர்ச்சி, இதய நோயால் இறப்பு ஆகிய ஐந்தில் ஏதாவது ஒன்று, சுமார் மூன்றேகால் ஆண்டில், 140 பிரிவில் ஆயிரத்துக்கு 68 பேருக்கு நேர்ந்தது. 120 பிரிவில் 52 பேருக்கு. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. உண்மையான அளவு 11 முதல் 36 சதவீதத்துக்குள் இருக்கும் என்பது மதிப்பீடு. எந்தக் காரணத்தாலாவது இறந்தவர்களும் ஆயிரத்துக்கு 45இலிருந்து 33 ஆகக் குறைந்தார்கள். மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தனித்தனியாகப் பார்த்தபோது தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

இதற்கு விலையும் இருந்தது. கடும் சிறுநீரகப் பாதிப்பு 140 பிரிவில் ஆயிரத்துக்கு 25 பேருக்கும் 120 பிரிவில் 41 பேருக்கும் வந்தது. அழுத்தம் மிகவும் இறங்கிவிடுவது, மயக்கம், இரத்தத்தில் உப்புச் சத்துகள் நிலைகுலைவது ஆகியவையும் 120 பிரிவில் அதிகம். விழுந்து அடிபடுவதில் வேறுபாடு இல்லை. இந்த ஆய்வில் ஐந்து நிமிட ஓய்வுக்குப் பிறகு தானியங்கிக் கருவியில் மூன்று முறை அளந்து சராசரி எடுத்தார்கள். அவசரமாக ஒருமுறை அளந்த எண்ணை இதோடு ஒப்பிட முடியாது.”

மூலத்தைவிட நீளம் கூடியிருக்கிறது. கூடத்தான் செய்யும். எளிமை என்றால் சுருக்கம் என்று நினைப்பவர்கள்தான் நிபந்தனைகளை வெட்டுகிறார்கள். இடம் போதாதென்றால் முழுக் கூற்று ஒன்றை, உதாரணமாக உப்புச் சத்து பற்றியதை, எடுத்துவிடுங்கள். எல்லாக் கூற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டாதீர்கள்.

‘மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை மாற்ற வேண்டாம்’ என்று சேர்க்கத் தோன்றினால் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் அது உங்கள் அறிவுரை, ஆய்வின் முடிவு அல்ல. தனிப் பத்தியாக வையுங்கள்.

படி 7: இரண்டு சோதனைகள்

முதல் சோதனை நீங்களே செய்வது. படி 1இல் எழுதிய பட்டியலை எடுத்து, ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே ‘அதே’, ‘கூடிவிட்டது’, ‘குறைந்துவிட்டது’, ‘காணோம்’ என்ற நான்கில் ஒன்றை எழுதுங்கள். ‘காணோம்’ என்று வந்தால், தெரிந்தே விட்டீர்களா, நழுவியதா என்று பாருங்கள். ‘குறைந்துவிட்டது’ என்று வந்தால் பெரும்பாலும் குற்றவாளி ஒரு ‘கூடும்’, ஒரு ‘ஓரளவு’, அல்லது ‘எனக் கூறப்படுகிறது’.

இரண்டாவது சோதனைக்குத் துறைக்கு வெளியே இருக்கும் ஒருவர் வேண்டும். ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு ‘புரிந்தது’ என்பார். படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்த பிறகு இப்படிக் கேளுங்கள்: சர்க்கரை நோய் உள்ள உங்கள் அம்மாவுக்கு இது பொருந்துமா? ஆயிரம் பேரில் எத்தனை பேர் தப்பினார்கள்? பக்கவாதம் குறைந்ததா? முதல் கேள்விக்கு ‘பொருந்தும்’ என்றோ ‘பொருந்தாது’ என்றோ பதில் வந்தால் இரண்டுமே தவறு. ‘இதில் சொல்லவில்லை’ என்பதுதான் சரி. இரண்டாவதற்கு ‘250’ என்று வந்தால், உங்கள் ‘நான்கில் ஒரு பங்கு’ ஆட்கணக்கை விழுங்கிவிட்டது. வாசகர் மேல் பழி போடாமல் அந்த வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள்.

தலைப்பை இந்தச் சோதனைகளுக்குப் பிறகு எழுதுங்கள், அதற்கும் இதே சோதனையை வையுங்கள். ‘பி.பி. 120க்குக் கீழே இருந்தால் ஆயுள் கூடும்’ என்பதில் யார் என்பதும் இல்லை, எதோடு ஒப்பிட்டு என்பதும் இல்லை, விலையும் இல்லை. ‘பி.பி. 120: நல்லதா கெட்டதா? ஆய்வாளர்களிடையே விவாதம்’ என்பதோ ஆய்வின் முடிவையே மறைத்துவிடுகிறது. ‘நீரிழிவு இல்லாத, இதய ஆபத்து கூடிய, ஐம்பது வயது நிறைந்தவர்களில் 120 இலக்கு இறப்பைக் குறைத்தது, சிறுநீரகப் பாதிப்பு கூடியது’ என்பது கொஞ்சம் நீளம்தான். பக்க வடிவமைப்பாளரிடம் இன்னொரு வரி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.